புரண்ட பிட்டைப் பிடிப்பது எப்படி?

காகிதத்தில் வரிசையாக ஏழு கட்டங்கள். கறுப்பு என்றால் 1, வெள்ளை என்றால் 0. கைபேசியில் படம் எடுக்கும்போது விளக்கொளி பட்டு, ஒரு கறுப்புக் கட்டம் வெள்ளையாகப் பதிந்துவிட்டது. காகிதம் இப்போது கையில் இல்லை. எந்தக் கட்டம் மாறியது என்று படத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியுமா? அச்சிடும்போதே ஏற்பாடு செய்திருந்தால் முடியும்.

அந்த ஏற்பாட்டை வகுத்தவர் பெல் ஆய்வகத்தின் ரிச்சர்ட் ஹாமிங். வார இறுதியில் ஆளில்லாமல் ஓடிய ரிலே கணிப்பொறி, பிழையைக் கண்டதும் அவருடைய கணக்கைக் கைவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடும். பிழை இருப்பதை அறியும் இயந்திரத்துக்கு அது இருக்கும் இடம் ஏன் தெரியக்கூடாது என்று யோசித்தவர், 1950-ல் விடையை வெளியிட்டார்.

அனுப்ப வேண்டிய செய்தி 1011 என்று வைத்துக்கொள்வோம். அதன் நான்கு பிட்டுகளை 3, 5, 6, 7 ஆகிய இடங்களில் எழுதுகிறோம். 1, 2, 4 ஆகிய இடங்கள் சோதனை பிட்டுகளுக்கு. ஒவ்வொரு சோதனை பிட்டும் ஒரு குழுவுக்குக் காவல்: முதலாவது 1, 3, 5, 7-க்கு, இரண்டாவது 2, 3, 6, 7-க்கு, நான்காவது 4, 5, 6, 7-க்கு. குழுவில் உள்ள 1-கள் இரட்டைப்படையாக வரும்படி காவல் பிட்டை நிரப்ப வேண்டும். அப்படி நிரப்பினால் 0110011 கிடைக்கிறது.

படத்தில் நாம் படிப்பதோ 0110001. முதல் குழுவில் இரண்டு 1-கள், சரி. இரண்டாவதில் மூன்று, தவறு. நான்காவதில் ஒன்று, தவறு. தவறிய குழுக்களின் எண்களைக் கூட்டுங்கள்: 2 + 4 = 6. ஆறாவது கட்டத்தை 1 ஆக்கினால் மூல வரிசை திரும்பிவிடுகிறது. 1 முதல் 7 வரை எந்த எண்ணையும் 1, 2, 4 கொண்டு ஒரே ஒரு விதமாகத்தான் கூட்டிப் பெற முடியும். அதன்படியே குழுக்கள் பிரிக்கப்பட்டிருப்பதால்தான் விடை குழப்பமில்லாமல் வருகிறது. மாறியது சோதனை பிட்டாகவே இருந்தாலும் அதன் குழு மட்டும் தவறி, அது தன் இடத்தையே காட்டும்.

இரண்டு கட்டங்கள் மாறினால் இந்த முறை ஏமாந்துபோகும். மூன்றாவதும் ஆறாவதும் மாறி 0100001 என்று படித்தால், கணக்கு ஐந்தாவது கட்டத்தைக் காட்டும். அதைத் திருத்தினால் மூன்று சோதனைகளும் சரியாக வரும், செய்தி மட்டும் 0101 என்று தவறாக இருக்கும். இதற்காக எல்லா 1-களையும் சேர்த்து இரட்டைப்படையாக்கும் எட்டாவது பிட் ஒன்றைச் சேர்ப்பதுண்டு. குழுக்கள் தவறியும் மொத்தம் இரட்டைப்படையாகவே இருந்தால், இரண்டு பிட்டுகள் மாறியிருக்கின்றன, திருத்தாதே என்று பொருள்.

படங்களைப் பொறுத்தவரை, சந்தேகமான கட்டத்தை ஊகித்து நிரப்பாமல் ‘தெரியவில்லை’ என்று குறிப்பதே நல்லது. மற்ற ஐந்தும் சரியாக இருந்தால், தெரியாத இரண்டு கட்டங்களை 0, 1 என்று நான்கு விதமாக மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். அவற்றில் ஒன்றே ஒன்றுதான் மூன்று சோதனைகளிலும் தேறும்.