சாய்ஸ் பட்டியலில் எந்த வரி மேலே?

பிளஸ் டூ மதிப்பெண் வந்த மறுவாரமே விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கும் அட்டைகள் ஒவ்வொரு வீட்டு செல்போனுக்கும் வந்துவிடுகின்றன. ஒரு அட்டையில் எந்த பிராஞ்ச் எடுப்பது, அடுத்ததில் எந்தக் கல்லூரி, அதற்கடுத்து எந்த ஊர் என்று இருக்கும். தனித்தனியாகப் படித்தால் எல்லாமே சரியாகத்தான் தெரியும். ஆனால் தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில் இந்த மூன்றையும் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்க இடமே இல்லை. அங்கே நாம் நிரப்பும் ஒவ்வொரு வரியும் ஒரு கல்லூரியும் ஒரு பிராஞ்சும் சேர்ந்த ஜோடி. ஊர் கல்லூரியோடு ஒட்டிக்கொண்டு வரும். எத்தனை வரி வேண்டுமானாலும் எழுதலாம்; எது மேலே, எது கீழே என்பதுதான் நம் கையில் இருக்கிறது.

அதனால் ‘பிராஞ்ச் முக்கியமா, கல்லூரி முக்கியமா’ என்று பொதுவாகக் கேட்டுக் குழம்ப வேண்டாம். இந்த வரியும் அந்த வரியும் இரண்டுமே கிடைத்தால் எதில் போய்ச் சேருவோம் என்று இரண்டிரண்டாக எடுத்து வைத்துப் பார்ப்பதே உண்மையில் செய்ய வேண்டிய வேலை.

முதலில் இடம் எப்படி ஒதுக்குகிறார்கள் என்பதைப் பார்த்துவிடுவோம். கணக்கு மதிப்பெண் முழுதாக 100க்கும், இயற்பியலும் வேதியியலும் பாதியாக ஐம்பது ஐம்பதுக்கும் எடுத்துக்கொள்ளப்பட்டு, 200க்குக் கட்-ஆஃப் போடப்படுகிறது. கணக்கில் 92, இயற்பியலில் 86, வேதியியலில் 90 என்றால் 92, 43, 45 சேர்ந்து 180. இந்தக் கட்-ஆஃப்படி ரேங்க் வரும். ஒரே கட்-ஆஃப் பலருக்கு இருந்தால் கணக்கு மதிப்பெண்ணையும், அதுவும் சமமானால் இயற்பியலையும் பார்த்து வரிசைப்படுத்துவார்கள். ரவுண்டு வந்ததும், ரேங்க் வரிசையில் ஒவ்வொரு மாணவரின் பட்டியலையும் கணினி மேலிருந்து கீழாகப் படிக்கும். முதல் வரியில் பொதுப்பிரிவிலோ அவருடைய இட ஒதுக்கீட்டுப் பிரிவிலோ இடம் இருந்தால் அங்கேயே நின்றுவிடும். இல்லாவிட்டால் அடுத்த வரிக்குப் போகும்.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் தெளிவாகின்றன. கிடைக்காது என்று நினைக்கும் கல்லூரியை மேலே போட்டால் வாய்ப்பு வீணாகிவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். அந்தப் பயத்துக்கு அடிப்படையே இல்லை. அது கிடைக்காவிட்டால் கணினி அடுத்த வரிக்குப் போகும், அவ்வளவுதான்; கீழே இருக்கும் வரிகளுக்கு ஒரு சேதமும் இல்லை. உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. சேரவே விரும்பாத ஒன்றை ‘சும்மா இருக்கட்டும்’ என்று நடுவில் சொருகினால், அது கிடைத்துவிட்டால் அந்தச் சுற்றில் அதற்குக் கீழே உள்ள எதையும் கணினி பார்க்காது. ஒதுக்கீட்டை ஏற்றுக்கொண்டு மேல் வரிக்குக் காத்திருக்கலாம். ‘அக்செப்ட் அண்ட் அப்வர்ட்’ என்பது அதுதான். ஆனால் அப்போதும் மேலே உள்ள வரிகளுக்குத்தான் போக முடியும்.

சென்ற ஆண்டு எந்தக் கட்-ஆஃப் வரை இடம் போனது என்ற பட்டியலை எல்லோரும் கையில் வைத்திருக்கிறார்கள். அதில் மதிப்பெண்ணைவிட ரேங்கைப் பாருங்கள். கணக்குத் தாள் எளிதாக அமைந்த ஆண்டில் 180 எடுத்தவரின் ரேங்க் வெகுதூரம் பின்னால் போய்விடும். 2024இல் ஏஐசிடிஇ ஒரு பிராஞ்சுக்கு இத்தனை இடம்தான் என்ற உச்சவரம்பைத் தளர்த்திய பிறகு பல கல்லூரிகளில் கம்ப்யூட்டர் இடங்கள் பெருகின. ஆகவே பழைய பட்டியலை ஒரு மதிப்பீடாக மட்டும் கொண்டு, உங்கள் ரேங்குக்கு மேலும் கீழும் தாராளமாக இடம் விட்டு வரிகளை எழுதுங்கள்.

இனி வரிகளை ஒப்பிடுவது. இதற்கு நான் கைக்கொள்ளும் முறை ஒன்று உண்டு. இரண்டு வரிகளும் ஒரே குடும்பத்து பிராஞ்ச் என்றால் கல்லூரியைப் பார்த்து முடிவு செய்யுங்கள். வேறு வேறு குடும்பம் என்றால் பிராஞ்சைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

கம்ப்யூட்டர் சயன்ஸ், ஐ.டி., செயற்கை நுண்ணறிவும் தரவு அறிவியலும், சைபர் செக்யூரிட்டி எல்லாம் ஒரே குடும்பம். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் முதல் பருவம் அநேகமாக எல்லா பிராஞ்சுக்கும் பொதுவாக இருந்தது. சிவில் மாணவர்கூட அதில் பைத்தான் படித்தார். பிறகு டேட்டா ஸ்ட்ரக்சர், டேட்டாபேஸ், ஆபரேட்டிங் சிஸ்டம் போன்ற அடிப்படைப் பாடங்கள் இந்தக் குடும்பம் முழுவதிலும் வருகின்றன. பெயர்ப் பலகைக்காக நல்ல கல்லூரியின் ஐ.டி.யை விட்டுவிட்டு, ஆசிரியர் போதாத கல்லூரியின் செயற்கை நுண்ணறிவைப் பிடிப்பது நஷ்டம். புதிதாகத் தொடங்கிய பிராஞ்ச் என்றால் அதில் பாடம் எடுப்பவர்கள் யார், முதல் அணி படித்து முடித்துவிட்டதா என்று துறைக்கே போய்க் கேட்க வேண்டும்.

குடும்பம் மாறும்போது நிலைமை வேறு. ஐ.டி. நிறுவனங்கள் பலவும் வேலைக்கு எடுக்கும்போது மின்னியல், மின்னணுவியல், மெக்கானிக்கல் மாணவர்களையும் எடுக்கின்றன. எதிர்ப்பக்கம் அந்தக் கதவு திறப்பதில்லை. பொதுப்பணித் துறையில் சிவில் உதவிப் பொறியாளராக வேண்டுமானால் சிவில் பட்டம் வேண்டும்.  கேட் தேர்வு எழுதிப் பொதுத்துறை நிறுவனங்களுக்குப் போவோருக்கும் இதே நிபந்தனை உண்டு. அரசு வேலை பார்க்க வேண்டும் என்று வீட்டில் உண்மையாகவே ஆசை இருந்தால், இதை இப்போதே பேசிவிட வேண்டும். நாலு வருஷம் கழித்து பட்டத்தை மாற்ற முடியாது.

கல்லூரியைப் பார்ப்பது என்றால் கட்டடத்தைப் பார்ப்பது அல்ல. இணைப்புக் கல்லூரிகளின் பருவத் தேர்ச்சி விகிதத்தை அண்ணா பல்கலைக்கழகம் வெளியிடுகிறது. நாலைந்து பருவங்களைச் சேர்த்துப் பாருங்கள். தன்னாட்சிக் கல்லூரி தானே தேர்வு நடத்துவதால் அதன் விகிதத்தை இதனோடு ஒப்பிடக் கூடாது. என்பிஏ அங்கீகாரம் கல்லூரிக்கு அல்ல, பிராஞ்சுக்குத் தரப்படுவது. ‘எங்கள் கல்லூரி என்பிஏ பெற்றது’ என்று சொன்னால், எந்த பிராஞ்சுக்கு, எந்த ஆண்டு வரை என்று கேளுங்கள்.

பிளேஸ்மென்ட் சதவீதத்தில்தான் அதிகம் ஏமாறுகிறோம். கடைசி ஆண்டில் 240 பேர் படிக்கும் ஒரு கல்லூரியை எடுத்துக்கொள்வோம். அரியர் இல்லாதவர்கள், மதிப்பெண் தகுதி உள்ளவர்கள் என்று சலித்தபின் 150 பேர் மிஞ்சுகிறார்கள். அவர்களில் 120 பேருக்கு வேலை கிடைக்கிறது. இதில் 30 பேருக்கு இரண்டு நிறுவனங்கள் ஆஃபர் தருகின்றன. மொத்த ஆஃபர் 150, தகுதியானவர்களும் 150. ஆகவே விளம்பரத்தில் நூறு சதவீதம் என்று போடலாம். தகுதியானவர்களில் வேலை பெற்றோர் என்று கணக்கிட்டால் 80. சேர்ந்து படித்த எல்லோரையும் வைத்துப் பார்த்தால் 50தான். மூன்றும் ஒரே கல்லூரியின் கணக்கு. கடைசி ஆண்டில் உங்கள் பிராஞ்சில் எத்தனை பேர் இருந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் வேலைக்குச் சேர்ந்தார்கள், நடுவில் நிற்பவருக்கு என்ன சம்பளம் என்ற மூன்று கேள்விக்கும் எண்ணாகப் பதில் வராவிட்டால், அந்த விளம்பரத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

ஊர் விஷயம் கடைசியில் வருகிறது, ஆனால் பணமும் நேரமும் அதில்தான் கரைகின்றன. விருதுநகர் மாவட்டத்தில் 180 கட்-ஆஃப் வாங்கிய ஒரு மாணவியைக் கற்பனை செய்துகொள்வோம். வீட்டில் முதல் பட்டதாரி. அவள் முன் மூன்று வரிகள். ஒன்று, பேருந்தில் இரண்டு மணி நேரத் தொலைவில் உள்ள சுயநிதிக் கல்லூரியில் செயற்கை நுண்ணறிவு. இரண்டு, சென்னைப் புறநகர்க் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயன்ஸ். மூன்று, வெளியூர் அரசுக் கல்லூரியில் மின்னியல், விடுதியோடு.

கலந்தாய்வு இடத்துக்குக் கல்விக் கட்டணம் 55,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இப்போதைய தொகையை நீங்கள் சரிபார்த்துப் போட்டுக்கொள்ளுங்கள். முதல் பட்டதாரிச் சலுகை 25,000 போக 30,000. முதல் வரிக்குக் கல்லூரிப் பேருந்து 35,000 என்றால் ஆண்டுக்கு 65,000. இரண்டாவதற்கு விடுதி 1,10,000 என்றால் ஆண்டுக்கு 1,40,000. நாலு ஆண்டில் மூன்று லட்சம் வித்தியாசம். ஆனால் முதல் வரியில் தினம் நாலு மணி நேரம் பேருந்திலேயே போகிறது. ஆண்டுக்கு 180 கல்லூரி நாட்கள் என்றால் 720 மணி நேரம். விடியற்காலையில் கிளம்பி இருட்டியபின் திரும்பும் பிள்ளை, மாலையில் ஆய்வகத்தில் நிற்கவும் முடியாது, வீட்டில் உட்கார்ந்து நிரல் எழுதவும் தெம்பு இருக்காது. வீட்டுச் சாப்பாடு, பாதுகாப்பு என்று பெற்றோர் நினைக்கும் இடத்தில் இந்தச் செலவு கண்ணில் படுவதில்லை.

முதல் இரண்டும் ஒரே குடும்பம். ஆகவே தேர்ச்சி விகிதமும் வேலை எண்ணிக்கையும் சென்னைக் கல்லூரியில் தெளிவாக மேலே இருந்தால், மூன்று லட்சத்தைக் குடும்பம் தாங்குமானால், அதுவே மேலே. இரண்டும் ஏறக்குறைய சமம் என்றால் சென்னை என்ற பெயருக்காகக் கடன் வாங்க வேண்டாம். அரசுக் கல்லூரியில் கட்டணம் மிகக் குறைவு. மின்னியல் படித்தால் ஐ.டி. பக்கமும் போகலாம், மின்வாரியப் பக்கமும் போகலாம். அவளுக்கு இயற்பியலில் மின்சாரப் பாடம் பிடிக்கும் என்றால் அதை முதல் வரியாக வைப்பேன். மின்சாரம் என்றாலே கசக்கிறது, பள்ளியிலேயே நிரல் எழுதிப் பழகியிருக்கிறாள் என்றால் சென்னை முதலிலும் அரசுக் கல்லூரி அதற்கடுத்தும் வரட்டும். ரேங்க் ஒன்றேதான், யார் படிக்கப் போகிறார் என்பதைப் பொறுத்து வரிசை மாறுகிறது.

சாய்ஸ் நிரப்பச் சில நாட்கள்தான் கொடுப்பார்கள். தற்காலிக ஒதுக்கீட்டை உறுதி செய்ய அதைவிடக் குறைவு. அதனால் ரவுண்டு தொடங்கும் முன்பே கல்லூரிக் குறியீட்டு எண்ணோடு பட்டியலைத் தாளில் எழுதி முடித்துவிடுங்கள். ஒரே பெயர்ச்சாயலில் பல கல்லூரிகள் இருப்பதால் பெயரை நம்பாமல் எண்ணைச் சரிபாருங்கள். பிறகு ஒவ்வொரு வரியையும் தொட்டு, ‘இது கிடைத்தால் சேருவாயா?’ என்று பிள்ளையிடம் கேளுங்கள். இல்லை என்று சொன்னால் அந்த வரியை அடித்துவிடுங்கள். வீட்டில் கணினி இல்லாதவர்களுக்கு மாவட்டங்களில் உள்ள கலந்தாய்வு உதவி மையங்களில் பட்டியலைப் பதிவு செய்ய உதவுவார்கள். கடைசி நாள் மாலை வரை காத்திருக்காமல் முதல் நாளே போய்விடுங்கள்.