விரல் நுனி ரத்தத்தில் மூன்று மாதச் சர்க்கரை: கிளினிக் கருவியை எவ்வளவு நம்பலாம்?

சர்க்கரை நோய் கிளினிக்குகள் பலவற்றில் இப்போது ஒரு சின்னக் கருவி மேசைமேல் உட்கார்ந்திருக்கிறது. செவிலியர் விரல் நுனியில் குத்தி, ஒரு சொட்டுக்கும் குறைவான ரத்தத்தை எடுத்து, கேட்ரிட்ஜில் வைத்துக் கருவிக்குள் செலுத்துகிறார். சில நிமிடங்களில் எச்பிஏ1சி அளவு திரையில் வந்துவிடுகிறது. அதே பரிசோதனைக்கு லேபில் கையிலிருந்து ஒரு குழாய் ரத்தம் எடுப்பார்கள். முடிவுக்குச் சில மணி நேரமோ ஒரு நாளோ காத்திருக்க வேண்டும்.

இரண்டும் அளப்பது ஒன்றைத்தான். ரத்தத்தில் உள்ள சர்க்கரை, சிவப்பணுக்களில் இருக்கும் ஹீமோகுளோபினில் கொஞ்சம் கொஞ்சமாக ஒட்டிக்கொள்கிறது. சிவப்பணுவின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள். அதனால் எத்தனை சதவீத ஹீமோகுளோபினில் சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்று பார்த்தால், கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி நிலவரம் தெரியும். 6.5 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் சர்க்கரை நோய் என்று கொள்ளலாம் என உலக சுகாதார நிறுவனம் 2011இல் அறிவித்தது. பரிசோதனையின் தரம் கண்டிப்பாகக் கண்காணிக்கப்பட வேண்டும் என்ற நிபந்தனையும் அதில் உண்டு.

அந்த நிபந்தனை ஏன் தேவை என்பதை நெதர்லாந்தின் ஸ்வோலே நகரில் நடந்த ஓர் ஆய்வு காட்டியது. எர்னா லென்டர்ஸ்-வெஸ்ட்ரா, ராபர்ட் ஸ்லிங்கர்லாண்ட் இருவரும் எட்டுக் கிளினிக் கருவிகளைச் சோதித்து 2010இல் முடிவை வெளியிட்டார்கள். தேறியவை இரண்டே: டிசிஏ வான்டேஜ், அஃபினியன். 2014இல் ஏழு கருவிகளைப் பார்த்தபோது நான்கு தேறின. நிலைமை முன்னேறியிருக்கிறது, ஆனாலும் எல்லாக் கருவியும் ஒன்றல்ல.

தேறாதது என்றால் என்ன? ஒரே ரத்தத்தைத் திரும்பத் திரும்ப அளந்தால் ஒவ்வொரு முறையும் விடை சற்று மாறும். இந்தச் சிதறல் நல்ல லேப் கருவியில் 2 சதவீதத்துக்குள் இருக்கும். உண்மையான அளவு 6.5 என்றால், பெரும்பாலான விடைகள் 6.2க்கும் 6.8க்கும் இடையில் விழும். சிதறல் 4 சதவீதமானால் விடை 6.0 என்றும் வரலாம், 7.0 என்றும் வரலாம். ஒரே ஆளுக்கு ஒருமுறை 'நோய் இல்லை', மறுமுறை 'நோய் இருக்கிறது' என்று ஆகிவிடும்.

சிகிச்சையில் இருப்பவர்களுக்கும் இது பொருந்தும். போன முறை 7.4, இந்த முறை 7.0 என்றால் மனம் மகிழும். ஆனால் 3 சதவீதச் சிதறல் உள்ள கருவியில் அரைப் புள்ளி வித்தியாசம்கூட வெறும் அளவீட்டு ஏற்ற இறக்கமாக இருக்கலாம்.

கருவி நல்லதாக இருந்தாலும் கை தவறினால் அளவு தவறும். கேட்ரிட்ஜைக் குளிர்பெட்டியில் வைத்திருந்தால், பயன்படுத்துமுன் அறை வெப்பத்துக்கு வரவிட வேண்டும். ரத்தம் உறிஞ்சும் நுண்குழாயில் காற்றுக் குமிழி இருக்கக்கூடாது. வெளிப்புறத்தில் ஒட்டிய ரத்தத்தைத் துடைக்க வேண்டும். துடைக்கும் தாள் குழாயின் வாயில் பட்டால் உள்ளிருக்கும் ரத்தத்தை அது இழுத்துவிடும். புதிய லாட் கேட்ரிட்ஜ் வந்ததும், அளவு தெரிந்த கட்டுப்பாட்டுத் திரவத்தை வைத்துச் சரிபார்க்க வேண்டும். லேபில் இது அன்றாட வேலை. கிளினிக்கில் பரபரப்பில் விட்டுப்போகிறது.

லேப்களில் பரவலாக உள்ள எச்பிஎல்சி கருவிக்கு இன்னொரு வசதி உண்டு. அது ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்து வரைபடமாகக் காட்டும். வடகிழக்கு இந்தியாவில் அதிகம் காணப்படும் ஹீமோகுளோபின் இ, நீலகிரிப் பழங்குடியினரிடம் காணப்படும் அரிவாளணு ஹீமோகுளோபின் போன்றவை இருந்தால் வரைபடத்தில் தனி முகடு எழும். லேப் மருத்துவர் உஷாராவார். கிளினிக் கருவி பெரும்பாலும் வெறும் எண்ணைத் தந்துவிட்டு நிற்கும்.

இரண்டுமே ஏமாறும் இடமும் உண்டு. இரும்புச்சத்துக் குறைவான ரத்தசோகையில் அளவு கூடுதலாகத் தெரியலாம். சிவப்பணுக்கள் சீக்கிரம் அழியும் நோய்களில் குறைவாகத் தெரியும்.

இவ்வளவு இருந்தும் கிளினிக் கருவியை ஒதுக்கத் தேவையில்லை. பாஸ்டன் மருத்துவமனை ஒன்றில் நடந்து 1999இல் வெளியான ஆய்வில், இன்சுலின் போடும் நோயாளிகளுக்கு அளவை அங்கேயே சொன்னபோது ஆறு மாதத்தில் கட்டுப்பாடு மேம்பட்டது. பின்னர் வந்த எல்லா ஆய்வுகளும் இதே பலனைக் காட்டவில்லை. என்றாலும் மருந்தின் அளவை அதே சந்திப்பில் மாற்ற முடிவதும், லேப் தொலைவில் உள்ள ஊர்களில் பரிசோதனை விடுபடாமல் நடப்பதும் லாபமே.

எனவே தொடர் கண்காணிப்புக்குத் தேறிய கிளினிக் கருவி போதும். சர்க்கரை நோய் இருக்கிறதா என்று முதன்முதலாக முடிவு செய்ய லேப் பரிசோதனையே நல்லது. 6க்கும் 7க்கும் நடுவில் எண் வந்தாலோ, வீட்டில் குளுக்கோமீட்டர் காட்டுவதோடு அது ஒத்துப்போகாவிட்டாலோ, லேபில் மறுபடி பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே கருவியில் அளந்து, எந்தக் கருவி என்பதையும் எண்ணுக்குப் பக்கத்தில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.