ஃபோர்டு கணக்கில் இரண்டு 200 கோடி டாலர்

மெட்ரோ ரயில் பணிகளால் போக்குவரத்து மாற்றிவிடப்பட்ட மயிலாப்பூர் லஸ் பகுதியில் ஒரு ஜவுளிக்கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். சரக்குக்குக் கொடுத்த விலை போக மாதம் 1,90,000 ரூபாய் நிற்கிறது. வாடகை 90,000, ஆட்களின் சம்பளம் 70,000, கரண்ட் முதலியவற்றுக்கு 15,000, கடையின் உள்வேலைக்காக வாங்கிய வங்கிக் கடனுக்குத் தவணை 45,000. மொத்தம் 2,20,000 ஆகிறது. மாதம் 30,000 நஷ்டம். இழுத்து மூடிவிடலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் மூடிய மறுமாதமும் வங்கித் தவணை வந்து நிற்கும். மூடினால் நஷ்டம் 45,000, நடத்தினால் 30,000. ஒன்று மட்டும் விட்டுப்போகிறது. கட்டடச் சொந்தக்காரரிடம் கொடுத்திருக்கும் 9 லட்சம் அட்வான்ஸ், மூடினால் திரும்பி வரும்; மாதம் ஒரு சதவீதம் என்று கொண்டால் அது 9,000 ஈட்டும். அதையும் சேர்த்துப் பார்த்தாலும் நடத்துவதே 6,000 ரூபாய் மேல். ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது வாடகையில் 10,000 கூடினால் நிலைமை தலைகீழாகிறது: அப்போது மூடுவதே 4,000 ரூபாய் மேல். உள்வேலைக்குப் போன பணம் இந்த இரண்டு முடிவுகளில் எதையும் அசைக்கவில்லை. அது மூழ்கிய செலவு. வாடகையும் சம்பளமும் விற்பனை கூடினாலும் குறைந்தாலும் மாறாத நிலைச் செலவுகள்தான்; ஆனாலும் கதவை மூடினால் நின்றுவிடுபவை. வெளியேறும் முடிவு இந்தத் தவிர்க்கக்கூடிய நிலைச் செலவுகளின் மேல்தான் நிற்கிறது.

இதே கணக்கைப் பெரிய அளவில் பார்க்க, சென்னைக்குத் தெற்கே மறைமலைநகர் வரை போக வேண்டும். 2021 செப்டம்பர் 9 அன்று ஃபோர்டு நிறுவனம் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. அந்த அறிவிப்பில் இரண்டு பெரிய தொகைகள் இருந்தன. கடந்த 10 ஆண்டுகளில் இந்தியாவில் சேர்ந்த இயக்க நஷ்டம் 200 கோடி டாலருக்கு மேல் என்பது ஒன்று. வெளியேறுவதற்கான செலவாகச் சுமார் 200 கோடி டாலர் கணக்கில் எழுதப்படும் என்பது மற்றொன்று. அளவில் ஏறக்குறைய ஒன்றான இந்த இரண்டில் முதலாவது முடிவுக்குள் வரக் கூடாத தொகை. இரண்டாவது வந்தே தீர வேண்டிய தொகை. ஆனால் ஊர்ப் பேச்சில் முதலாவதுதான் காரணமாகச் சொல்லப்பட்டது: இவ்வளவு நஷ்டப்பட்டவன் போகாமல் என்ன செய்வான் என்று. மூடினாலும் திறந்தே வைத்திருந்தாலும் அந்த 200 கோடி திரும்பப் போவதில்லை. 2019-லேயே இந்தியச் சொத்துகளின் மதிப்பில் 80 கோடி டாலரை நிறுவனம் தள்ளுபடி செய்திருந்தது. அந்தச் சொத்துகள் போட்ட விலைக்குப் பெறாது என்று தன் ஏட்டிலேயே அது ஒப்புக்கொண்டுவிட்டது.

அப்படியானால் எது காரணம்? மறைமலைநகரில் ஆண்டுக்கு 2,00,000 கார்கள், குஜராத்தின் சாணந்தில் 2,40,000 கார்கள் செய்ய வசதி இருந்தது. ஏற்றுமதியையும் சேர்த்து உண்மையில் செய்தது அதில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான். தொழிற்சாலைக்கான தேய்மானத்தை இவ்வளவு குறைந்த கார்களின் தலையில் ஏற்றினால் ஒவ்வொரு காரும் நஷ்டமாகத்தான் தெரியும். அந்தத் தோற்றத்தை நம்பி முடிவெடுப்பது பிழை. தேய்மானம் போன பணத்தின் நிழல். காரைச் செய்யாமல் விட்டாலும் அது மிச்சமாகாது. இரும்பும் உதிரிப் பாகங்களும் போக ஒரு கார் ஏதாவது மிச்சம் வைத்தால், தேய்மானக் கணக்கு என்ன சொன்னாலும் அந்தக் காரைச் செய்வது சரிதான். பெரும்பகுதி சும்மா கிடக்கும் தொழிற்சாலை என்ற காட்சி வெளியேறுவதற்கான வாதமே ஆகாது. அதே போல, இவ்வளவு கொட்டிக் கட்டியாயிற்றே என்பது தங்குவதற்கான வாதமும் ஆகாது.

விடை காரின் வயதில் இருக்கிறது. ஃபோர்டின் பேர்சொல்லும் எக்கோஸ்போர்ட் இந்தியாவில் வந்தது 2013-ல். எட்டு ஆண்டில் போட்டியாளர்களிடம் புதிய வண்டிகள் வரிசையாக வந்துவிட்டன. தொடர்ந்து விற்க வேண்டுமானால் அடுத்த தலைமுறை மாடல்களை உருவாக்கியாக வேண்டும். அதற்கான வடிவமைப்பு, அச்சுகள், சோதனை எல்லாம் இன்னும் செலவழிக்காத பணம். இந்தச் செலவைப் பங்கிட்டுக்கொள்ளத்தான் மகிந்திராவுடன் கூட்டு நிறுவனம் பேசப்பட்டது. 2020-ன் கடைசி நாளோடு அந்தப் பேச்சு முறிந்தது. அதன் பிறகு முழுச் சுமையும் ஃபோர்டின் தலையில். அறிவிப்பு வந்தது ஒன்பது மாதத்துக்குள். நஷ்டம் ஏறிய ஆண்டுகளில் போகாமல் அந்த ஆண்டில் போனதன் தர்க்கம் இதுதான் என்று நான் கருதுகிறேன். பழைய அச்சுகள் ஓடும்வரை அவை மூழ்கிய செலவு, அவற்றை ஓட்டுவது மலிவு. அவை தேய்ந்து புதியது வாங்கும் நாளில், மூழ்கியிருந்த அதே இனம் தவிர்க்கக்கூடிய செலவாக மறுபடி மேலே வருகிறது.

இரண்டாவது 200 கோடிக்கு வருவோம். அதில் சுமார் 30 கோடி தேய்மானம் போன்ற ஏட்டுக் கணக்கு. மற்றது பெரும்பாலும் ரொக்கமாகக் கொடுக்க வேண்டியது: தொழிலாளர்களுக்கான ஈட்டுத்தொகை, பிறருக்கான தீர்வுத் தொகைகள். இந்தப் பணம் தங்கினால் போகாது, கிளம்பினால்தான் போகும். ஆகவே அது வாசலில் போட்ட வேலி; எதிர்கால நஷ்டம் அந்த வேலியின் உயரத்தைத் தாண்டினால்தான் வெளியேறுவது நியாயமாகிறது. ஃபோர்டு அதைக் கொடுக்கத் தயாராக இருந்தது என்பதே, தங்கினால் வரும் நஷ்டத்தை அது எவ்வளவு பெரிதாகக் கணித்தது என்பதற்குச் சான்று. 2022-ல் மறைமலைநகர்த் தொழிலாளர்கள் கூடுதல் ஈட்டுத்தொகை கேட்டுப் போராடியதையும் இந்தக் கணக்கோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்: வேலி எவ்வளவு உயரம் என்பதைத் தீர்மானிப்பதில் அவர்களுக்கும் பங்கு உண்டு. வேலை போன குடும்பங்களின் இழப்பு நிறுவனத்தின் ஏட்டில் ஏறாது. ஈட்டுத்தொகை வழியாக மட்டுமே அதில் ஒரு பகுதி அங்கே நுழைகிறது. அதனால் அந்தத் தொகை முக்கியம்.

இங்கே ஒரு வலுவான ஆட்சேபம் உண்டு. பத்தாண்டு நஷ்டத்தைக் கணக்கிலேயே சேர்க்கக் கூடாது என்றால், அனுபவத்துக்கு மதிப்பே இல்லையா? உண்டு, ஆனால் சாட்சியாக மட்டும். நம் காரை இந்த விலையில் இவ்வளவு பேர்தான் வாங்குவார்கள் என்று பத்தாண்டு விற்பனை சொல்லும் செய்தி, அடுத்த பத்தாண்டு வரவை மதிப்பிட உதவும். அந்த மதிப்பீட்டுக்குள் புகுந்தபின் பழைய நஷ்டத்துக்கு வேறு வேலை கிடையாது. அதைத் தனியாக இன்னொரு முறை கழித்தால் ஒரே கசப்பை இரண்டு தரம் எண்ணியதாகும். மீட்டே தீருவேன் என்று தங்குவதும், பட்டது போதும் என்று கிளம்புவதும் ஒரே தவறின் இரண்டு பக்கம்.

மற்றொரு கேள்வி நிலம், கட்டடம் பற்றியது. இவை முழுக்க மூழ்கியவை அல்ல. விற்கக்கூடிய அளவுக்கு அவை லஸ் கடையின் அட்வான்ஸ் மாதிரி. சாணந்தின் கார் தொழிற்சாலையை டாடா மோட்டார்ஸின் மின்வாகனக் கிளை 725.7 கோடி ரூபாய்க்கு வாங்கி, 2023 ஜனவரியில் கைமாற்றம் முடிந்தது. அங்கே ஃபோர்டு முதலில் போட்டது 100 கோடி டாலர் அளவு. என்ஜின் பிரிவைத் தன்னிடமே வைத்துக்கொண்டதால் இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட முடியாது; என்றாலும் இடைவெளியின் பெரும்பகுதி மூழ்கிப்போனது என்பது தெளிவு. மறைமலைநகரையோ அது விற்கவில்லை. இயந்திரங்களின் விற்பனை விலை குறைவு, மறுபடி அமைக்கும் செலவு அதிகம் என்னும்போது கையில் வைத்துக் காத்திருப்பதற்கு ஒரு மதிப்பு உண்டு. காவல், பராமரிப்பு, விற்றிருந்தால் வந்திருக்கும் பணத்தின் வட்டி ஆகியவைதான் அதற்குக் கொடுக்கும் விலை. மூழ்கிய செலவு அதிகமுள்ள தொழில்களில் போகும் நஷ்ட எல்லையும் திரும்பி வரும் லாப எல்லையும் ஒன்றாக இல்லாமல் தள்ளித் தள்ளி இருப்பதன் காரணம் இதுவே.

2025 அக்டோபர் இறுதியில் தமிழக அரசுடன் ஃபோர்டு செய்துகொண்ட ஒப்பந்தம் அதே மறைமலைநகருக்குத்தான்: 3,250 கோடி ரூபாய் முதலீடு, ஆண்டுக்கு 2,35,000 என்ஜின்கள், 2029-ல் தயாரிப்பு. வருவது என்ஜினுக்காக, உள்ளூர்ச் சந்தையில் கார் விற்க அல்ல. ஒவ்வொரு சில ஆண்டுக்கும் புதிய மாடல், நாடெங்கும் டீலர், விளம்பரம் என்று ஓயாமல் கேட்கும் நிலைச் செலவுகள் அதில் இல்லை. இருக்கும் கட்டடமும் துறைமுகம் எட்டும் தூரத்திலுள்ள இடமும் ஏற்கெனவே கிடைத்துவிட்டவை. கணக்கில் மீதமிருப்பது இன்னும் மூழ்காத அந்த 3,250 கோடி மட்டுமே; இயந்திரம் வந்து இறங்கும் நாள்வரை அதை நிறுத்திவைக்கும் உரிமை ஃபோர்டின் கையில் இருக்கும்.