ஒரு நாளைக்கு எட்டு ரூபாயா, மொத்தம் பதினாலாயிரமா?

முப்பது செகண்ட் விளம்பரத்தில் விலைக்குக் கிடைப்பது ஐந்தாறு செகண்ட்தான். ஒருவர் நிதானமாகப் பேசினால் அதற்குள் பன்னிரண்டு சொற்கள் அடங்கும். ஒரே விலையை அந்தப் பன்னிரண்டு சொற்களில் பல விதமாகச் சொல்லலாம். “தினம் எட்டு ரூபாய்தான்” என்பது ஒரு விதம். “வாங்கினா இதுவும் சேர்த்து” என்பது இன்னொன்று. “இன்னைக்கே வாங்கினா மூவாயிரம் தள்ளுபடி” என்பது எல்லோருக்கும் பழகியது. எந்தப் பொருளுக்கு எது பொருந்தும் என்பதை ஸ்கிரிப்ட் எழுதுபவரின் ரசனை தீர்மானிப்பதில்லை. அந்தப் பொருளுக்கு மக்கள் எப்படிச் செலவழிக்கிறார்கள் என்பதுதான் தீர்மானிக்கிறது.

இதைப் புரிந்துகொள்ள ஒரு பொருளை எடுத்துக்கொள்வோம். வீட்டுக்கான குடிநீர் சுத்திகரிப்பு மெஷின், பெரிதாகப் பெயர் பெறாத கம்பெனி, விலை 14,600 ரூபாய். ஆண்டுக்கு ஒருமுறை ஃபில்டர்களை மாற்றி சர்வீஸ் செய்ய 3,650 ரூபாய். மெஷின் ஐந்து வருடம் உழைக்கும். கம்பெனியும் விலையும் நான் வைத்துக்கொண்ட கணக்கு. ஆனால் இப்படிப்பட்ட விளம்பரத்தை நீங்கள் பல தடவை பார்த்திருப்பீர்கள்.

முதலில் எல்லோருக்கும் தோன்றுவது நாள் கணக்குதான். ஐந்து வருடம் என்றால் 1,825 நாள். 14,600-ஐ அதால் வகுத்தால் கச்சிதமாக எட்டு ரூபாய். “ஒரு டீயை விடக் குறைவு!” என்று முடித்துவிடலாம்.

இந்த வித்தை ஏன் வேலை செய்கிறது என்பதை ஜான் கோர்வில் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1998-இல் ஆராய்ந்து எழுதினார். ஆண்டுக்கு 300 டாலர் அளவிலான நன்கொடையை அப்படியே கேட்பதைவிட, ‘தினம் ஒரு டாலருக்கும் குறைவு’ என்று கேட்டால் அதிகம் பேர் சம்மதித்தார்கள். தொகை சின்னதாகத் தெரிவது மட்டும் இதற்குக் காரணமில்லை. ஒரு விலையைக் கேட்டதும் நம் மனம் அதே அளவுள்ள வேறு செலவுகளைத் தேடுகிறது. எட்டு ரூபாய் என்றதும் டீ, பேருந்து டிக்கெட் என்று கணக்கில் வராத சில்லறைச் செலவுகள் நினைவுக்கு வருகின்றன. பதினாலாயிரம் என்றதும் பள்ளிக் கட்டணமும் வாடகையும் வருகின்றன. எதோடு ஒப்பிடுகிறோமோ அதுதான் விலையின் கனத்தை முடிவு செய்கிறது.

அதனால் இந்த முறைக்கு ஓர் எல்லையும் உண்டு. தினக்கணக்கு சில்லறைச் செலவின் அளவுக்குள் இருக்க வேண்டும். எட்டு லட்ச ரூபாய்க் காரை ஐந்து வருடத்துக்குப் பிரித்தால் நாளுக்கு 438 ரூபாய் வரும். “தினம் 438 ரூபாய்தான்” என்று சொன்னால் வண்டி விற்காது. தினமும் நானூறு ரூபாயைக் கவனிக்காமல் செலவழிப்பவர் நம்மில் அதிகம் இல்லை. கேட்பவருக்கு அது தினமும் கையைக் கடிக்கும் செலவாகவே படும். கார் விளம்பரங்கள் மாதத் தவணையைச் சொல்வது இதனால்தான். சம்பளம் மாதத்துக்கு ஒருமுறை வருகிறது, தவணையும் அதே தாளத்தில் போகிறது.

மெஷினுக்குத் திரும்புவோம். எட்டு ரூபாய் சில்லறைச் செலவுக்குள் அடங்குகிறது. மெஷினும் தினமும் பயன்படுகிறது. இருந்தும் அந்த வரியை நான் எழுத மாட்டேன், ஏனென்றால் அது பாதி விலை. ஃபில்டர் செலவு 3,650-ஐ 365 ஆல் வகுத்தால் தினம் பத்து ரூபாய். ஆக உண்மையான தினக்கணக்கு பதினெட்டு. மெஷினை விட அதன் பராமரிப்புதான் தினசரிக் கணக்கில் அதிகம்! விளம்பரத்தில் எட்டு என்று கேட்டு வாங்கியவருக்கு, ஒரு வருடம் கழித்து சர்வீஸ் ஆள் வந்து 3,650 ரூபாய்க்குப் பில் நீட்டும்போதுதான் இது தெரியும். அன்று அவர் அக்கம்பக்கத்தில் சொல்லும் சொல்லை எந்த விளம்பரமும் மாற்ற முடியாது.

இன்னொரு பிழையும் இருக்கிறது. டீயோடு ஏன் ஒப்பிட வேண்டும்? மெஷின் வாங்கியதால் யாரும் டீயை நிறுத்தப்போவதில்லை. இந்த மெஷின் வந்தால் வீட்டில் நிற்கப்போகும் செலவு தண்ணீர் கேன். நாற்பது ரூபாய்க்கு ஒரு இருபது லிட்டர் கேன், அது இரண்டு நாளைக்கு வருகிறது என்று வைத்தால் தினம் இருபது ரூபாய். ஆண்டுக்கு 7,300. ஒப்பிட வேண்டிய எண் இதுதான். நாள் கணக்கு உண்மையிலேயே பொருந்தும் பொருள் எது என்று கேட்டால், ஏற்கனவே சிறுகச் சிறுகப் போய்க்கொண்டிருக்கும் ஒரு செலவை நிறுத்தும் பொருள் என்பேன்.

ஆனால் கேனோடு ஒப்பிட்டால் வேறொரு சங்கடம் தலைதூக்குகிறது. பதினெட்டுக்கும் இருபதுக்கும் இரண்டு ரூபாய்தான் வித்தியாசம். மெஷினுக்காக முதலில் கொடுத்த 14,600 ரூபாய், தினம் மிச்சமாகும் பத்து ரூபாயில் திரும்பி வர 1,460 நாள், அதாவது நான்கு வருடம் ஆகும். ஐந்து வருடம் உழைக்கும் பொருளுக்கு இது மெலிந்த லாபம். “கேனை விட மலிவு” என்று அடித்துச் சொல்லும் அளவுக்கு இந்த விலை இன்னும் வரவில்லை.

சரி, தள்ளுபடி? எம்.ஆர்.பி. 17,600 என்று அச்சிட்டு, மூவாயிரம் குறைத்து அதே 14,600-க்கு விற்கலாம். இங்கே விளம்பரக்காரர்களுக்குப் பழக்கமான ஒரு கணக்கு உண்டு. விலை பெரிதாக இருந்தால் ரூபாயில் சொல்ல வேண்டும், சிறிதாக இருந்தால் சதவீதத்தில். 17 சதவீதம் என்பதை விட மூவாயிரம் ரூபாய் காதில் பெரிதாக விழும். எண்பது ரூபாய் ஷாம்பு பாட்டிலுக்கு இருபது ரூபாய் குறைத்தால், அதை 25 சதவீதம் என்று சொல்வதுதான் எடுபடும். வானொலியில் சதவீதம் இன்னும் பலவீனமானது. கேட்பவர் கணக்குப் போட்டு முடிப்பதற்குள் அடுத்த பாட்டு வந்துவிடும்.

ஆனால் தள்ளுபடி வேலை செய்ய, பழைய விலை கேட்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தள்ளுபடிக்கு நம்பத்தகுந்த காரணமும் வேண்டும். ஆடித் தள்ளுபடி இத்தனை காலம் நிற்பதற்கு இந்த இரண்டும்தான் காரணம். புடவை என்ன விலைக்குப் போகும் என்று வாங்குகிறவருக்கு ஓரளவு தெரியும். ஆடியில் கல்யாணம் இல்லாததால் வியாபாரம் மந்தம், கடைக்காரர் சரக்கைக் கழிக்கிறார் என்பதும் தெரியும். பெயர் தெரியாத மெஷினின் 17,600-ஐ யார் கண்டார்கள்? முன்பின் தெரியாத விலையிலிருந்து குறைத்ததாகச் சொன்னால் ஏற்றிக் குறைத்திருக்கிறார்கள் என்ற சந்தேகம்தான் வரும்.

தள்ளுபடியின் இன்னொரு குணம், அது வாடிக்கையாளருக்குப் பழகிவிடும். அமெரிக்காவின் ஜே.சி. பென்னி கடைகள் 2012-இல் கூப்பன்களையும் அடிக்கடி நடந்த தள்ளுபடிகளையும் கைவிட்டு, எப்போதும் ஒரே நியாய விலை என்று அறிவித்தன. ஆப்பிள் கடைகளை வளர்த்தெடுத்த ரான் ஜான்சன் தலைமையில் நடந்த மாற்றம் அது. அந்த நிதியாண்டில் விற்பனை ஏறத்தாழ கால் பங்கு சரிந்தது. 2013 ஏப்ரலில் அவர் பதவியிழந்தார். பல வருடம் தள்ளுபடியிலேயே வாங்கிப் பழகியவர்களுக்கு, தள்ளுபடி இல்லாத விலை மலிவாகவே தெரியவில்லை. ஒரு புதுக் கம்பெனி முதல் விளம்பரத்திலேயே இந்தப் பழக்கத்தைத் தொடங்கிவைத்தால், அடுத்த மாதம் முழு விலை சொல்ல அதற்கு வாய் வராது.

மிச்சமிருப்பது சேர்த்துக் கொடுப்பது. 1970-களின் இறுதியில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்த ஜின்சு கத்தி விளம்பரம் இதன் முன்னோடிகளில் ஒன்று. ஒவ்வொரு பொருளாக மேசையில் அடுக்கி, “பொறுங்கள், இன்னும் இருக்கிறது” என்று சொல்லிச் சொல்லிக் கடைசியில் விலையைச் சொல்வார்கள். கிடைப்பதைத் தனித்தனியாகவும் கொடுப்பதை ஒரே எண்ணாகவும் சொல்ல வேண்டும் என்ற உத்தி அது. ஆனால் எதைச் சேர்க்கிறோம் என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். விலையுயர்ந்த பொருளோடு அற்பமான ஒன்றைச் சேர்த்தால் மொத்தத்தின் மதிப்பு கூடுவதில்லை, குறைகிறது என்று கிம்பர்லி வீவர், ஸ்டீபன் கார்சியா, நார்பர்ட் ஷ்வார்ஸ் ஆகியோர் 2012-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. விற்பவர் எல்லாவற்றையும் கூட்டிப் பார்க்கிறார். வாங்குபவரோ எல்லாவற்றுக்கும் சராசரி போடுகிறார். பதினாலாயிர ரூபாய் மெஷினோடு பிளாஸ்டிக் பாட்டில் நான்கு இலவசம் என்றால் மெஷினே கொஞ்சம் பிளாஸ்டிக்காகத் தெரிய ஆரம்பிக்கும்.

சேர்ப்பது பொருளின் பலவீனத்தை அடைப்பதாக இருக்க வேண்டும். இந்த மெஷினின் பலவீனம் ஃபில்டர் செலவு. முதல் இரண்டு வருடத்துக்கான சர்வீஸை விலைக்குள்ளேயே சேர்த்துவிட்டால் என்ன ஆகும்? ஐந்து வருடச் செலவு மெஷினுக்கு 14,600, மீதி மூன்று வருட சர்வீஸுக்கு 10,950, ஆக 25,550. தினக்கணக்கு பதினாலுக்கு இறங்குகிறது. அதைவிட முக்கியம், இரண்டு வருடம் கேன் வாங்கினால் ஆகும் தொகையும் அதே 14,600. நான்கு வருடத்தில் திரும்பிய பணம் இரண்டு வருடத்தில் திரும்புகிறது. இப்போது ஸ்கிரிப்ட் தானாக வந்துவிடும்.

“ரெண்டு வருஷம் கேன் வாங்குற காசுதான் இந்த மெஷின் விலை. அந்த ரெண்டு வருஷமும் ஃபில்டர் எங்க பொறுப்பு. அப்புறம் தினம் பத்தே ரூபாய்.”

பன்னிரண்டு சொல்லுக்குள் இது அடங்காது. விலைக்கு இன்னும் மூன்று நான்கு செகண்ட் கேட்டு வாங்க வேண்டும். மலையருவிக் காட்சியைக் குறைத்தால் கிடைக்கும். இரண்டு வருட சர்வீஸால் கம்பெனிக்கு ஆகும் அடக்கச் செலவு 7,300 ஆக இருக்காது என்றாலும், அதை ஏற்பதா என்பது எழுதுபவர் கையில் இல்லை. கம்பெனி மறுத்தால் இந்த வரிகளை எழுதக் கூடாது. சர்வீஸை ‘இலவசம்’ என்று சொல்வதிலும் கவனம் தேவை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகளின்படி, மெஷின் விலையை ஏற்றி அந்தச் செலவை ஈடுகட்டிக்கொண்டு, சேர்த்துக் கொடுப்பதை இலவசம் என்று சொல்லக் கூடாது. குரலில் சொன்ன வாக்குறுதிக்கு நிபந்தனை இருந்தால், அதே நேரத்தில், அதே மொழியில் திரையில் காட்ட வேண்டும். தமிழில் “எங்க பொறுப்பு” என்று சொல்லிவிட்டு, அடியில் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் ஓட்டுவது செல்லாது.

எழுதியது சரிதானா என்பதை விளம்பரம் வந்த முதல் வாரத்திலேயே கண்டுபிடிக்கலாம். எத்தனை போன் வந்தது என்று மட்டும் எண்ணினால் ஏமாந்துபோவோம். ‘எட்டு ரூபாய்’ விளம்பரத்துக்குத்தான் நிறைய போன் வரும். போன் எடுப்பவர்கள் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, பேச்சு எந்த இடத்தில் அறுகிறது என்று கேட்க வேண்டும். “மொத்தம் எவ்வளவு?” என்ற கேள்விக்குப் பதில் சொன்னதும் அழைப்புகள் அடுத்தடுத்துத் துண்டிக்கப்பட்டால், விளம்பரம் விலையை மறைத்திருக்கிறது. “எப்போ வந்து மாட்டுவீங்க?” என்று அடுத்த கேள்வி வந்தால், விலையைப் பற்றிய பேச்சு விளம்பரத்திலேயே முடிந்துவிட்டது.