இலையை எடுத்துவிட்டு இட்லியை வையுங்கள்

டொரண்டோவிலோ நியூ ஜெர்சியிலோ வளரும் நான்கு வயதுக் குழந்தைக்கு உயிரெழுத்து சொல்லித்தர, இன்று பல பெற்றோர் கைப்பேசியில் கேரசல் பார்க்க வைக்கிறார்கள். விரலால் தள்ளத் தள்ள ஒவ்வொரு ஸ்லைடாக வரும். ஒரு ஸ்லைடில் ஓர் எழுத்து, ஒரு சொல், ஒரு படம். செய்வது எளிது. சொல்லைத் தேர்ந்தெடுப்பதுதான் கடினம்.

பெரும்பாலான கேரசல்களில் நம் பழைய அரிச்சுவடி வரிசையே இருக்கிறது: அம்மா, ஆடு, இலை, ஈ, உரல். இதில் இலையும் உரலும் குழந்தையைக் குழப்பும். உரலை அது பார்த்ததே இல்லை என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் பேச்சில் இருக்கிறது. தமிழகப் பேச்சுவழக்கில் சொல்லின் முதலில் இ அல்லது உ வந்து, அடுத்த எழுத்தில் அகரமோ ஐகாரமோ இருந்தால், இ பெரும்பாலும் எ ஆகிவிடும்; உ ஒ ஆகிவிடும். இடம் ‘எடம்’ ஆகிறது, உடம்பு ‘ஒடம்பு’ ஆகிறது. அதே போல இலை ‘எல’, உரல் ‘ஒரல்’.

ஊரில் வளரும் பிள்ளைக்கு இது பொருட்டில்லை. பள்ளியிலும் கடைப்பலகையிலும் எழுத்துத் தமிழை அது தினமும் பார்க்கிறது. வெளிநாட்டுக் குழந்தைக்குத் தெரிந்த தமிழ் எல்லாம் வீட்டில் காதால் கேட்டது மட்டும்தான். இலைப் படத்தைப் பார்த்து அது ‘எல’ என்கிறது. மேலே இ இருக்கிறது. அப்படியானால் இதுதான் எ என்று மனத்தில் பதித்துக்கொள்கிறது. ஏழாவது ஸ்லைடில் உண்மையான எ வரும்போது தடுமாறுகிறது. குழந்தைக்குக் கவனமில்லை என்று பெற்றோர் நினைக்கிறார்கள். உண்மையில் அது நன்றாகவே கவனித்திருக்கிறது.

ஆகவே எழுத்திலும் பேச்சிலும் முதல் ஒலி மாறாத சொல்லாகத் தேட வேண்டும். இ-க்கு இட்லி, யாழ்ப்பாணக் குடும்பமென்றால் இடியப்பம். உ-வுக்கு உப்பு. ஊஞ்சல் எந்த நாட்டுப் பூங்காவிலும் உண்டு, அதை மாற்ற வேண்டாம். எலி, ஏழு, ஒட்டகம் ஆகியவற்றிலும் சிக்கல் இல்லை. ஓ-வுக்கு ஓடம் வைத்தால் குழந்தை ‘போட்’ என்றுதான் சொல்லும். ஓடுகிற பிள்ளையின் படத்தை வைத்து ‘ஓடு’ என்று எழுதலாம். ‘ஓடாதே’ என்பது அது வீட்டில் அடிக்கடி கேட்கும் சொல்லாயிற்றே.

ஐ-க்கு வழக்கமாக வைக்கும் ஐந்து, பேச்சில் ‘அஞ்சு’ ஆகிவிடுகிறது. இங்கே ஐஸ் என்று வைப்பதில் எனக்குத் தயக்கமில்லை, ஒலி அப்படியே பொருந்துகிறது. ஆனால் எல்லா ஆங்கிலச் சொல்லும் இப்படி உதவாது. ஆ-வுக்கு ஆரஞ்சுப் பழம் வைத்தால் குழந்தை ஆங்கில உச்சரிப்பில் சொல்லும், அதன் முதல் ஒலி ஓ-வின் பக்கம் போய்விடும். ஔ-வுக்கு வீட்டுச் சொல் கிடைப்பதில்லை. ஔவையாரையே வைத்து, நெல்லிக்கனிக் கதையைப் பெற்றோர் சொல்ல வேண்டியதுதான்.

இன்ஸ்டாகிராமில் முன்பு ஒரு பதிவுக்குப் பத்து ஸ்லைடுதான் இடம். 2024இல் அது இருபதானது. அட்டை ஒன்று, உயிரெழுத்து பன்னிரண்டு போக இன்னும் இடமிருக்கிறது. அங்கே படமில்லாமல் எழுத்தை மட்டும் வரிசை கலைத்து வையுங்கள்: ஒ, ஏ, இ, ஓ, எ. எ-வையும் ஏ-வையும் பிரிப்பது அடியில் உள்ள சிறு கோடு. ஒ-வையும் ஓ-வையும் பிரிப்பது கீழே ஒரு சுழி. படம் பக்கத்தில் இருக்கும்வரை குழந்தையின் கண் அந்த இடத்துக்கே போகாது. படத்தைப் பார்த்துச் சொல்கிறதா, எழுத்தைப் பார்த்துச் சொல்கிறதா என்று அறிய இன்னொரு வழி, படத்தைக் கட்டைவிரலால் மறைத்துவிட்டுக் கேட்பது.

தமிழ்ச் சொல்லின் கீழே ‘அம்மா’ என்பதை ஆங்கில எழுத்திலும் போடுகிறார்கள். பெற்றோருக்கு உதவும் என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் பள்ளியில் ஆங்கிலம் படிக்கத் தொடங்கிய பிள்ளை அந்த வரியைப் படித்துவிட்டு அடுத்த ஸ்லைடுக்குத் தள்ளிவிடும். ஒலி வேண்டுமென்றால் பாட்டியின் குரலைப் பதிந்து சேர்க்கலாம்.

மெய்யெழுத்துக்கு வரும்போது முறையே மாற வேண்டும். எந்த மெய்யும் புள்ளியோடு சொல்லின் முதலில் வராது. ‘கண்’ என்று பெரிதாக எழுதி, கடைசியில் உள்ள ண் மட்டும் சிவப்பாக இருக்கட்டும். இஞ்சியில் ஞ், தட்டில் ட், சங்கில் ங் என்று சொல்லின் நடுவில் தேடிக் கண்டுபிடிக்கும் விளையாட்டாக அந்த இரண்டாவது கேரசலை அமைக்கலாம்.