தலைக்காயம்: ஸ்கேன் சீராக இருந்தும் நினைவும் கவனமும் தடுமாறுவது ஏன்?

விபத்தில் தலையில் அடிபட்டு வீடு திரும்பும் சிலருக்கு, வெளிக்காயம் ஆறிய பின்னரே உண்மையான சிக்கல் தெரியவருகிறது. சிடி ஸ்கேன் அறிக்கை சீராக இருக்கும். ஆனால், காலையில் படித்தது மாலையில் நினைவில் இருக்காது. சிறிது நேரம் படித்தாலே கடும் சோர்வு ஏற்படும். இதைச் சோம்பல் என்று குடும்பத்தினர் கருதுவதும் உண்டு.

ஸ்கேனில் தெரியாதது என்ன?

ரத்தக்கசிவு, எலும்பு முறிவு, வீக்கம் ஆகியவற்றை சிடி ஸ்கேன் காட்டும். மூளை குலுங்கும்போது நுண்ணிய நரம்பிழைகளில் ஏற்படும் பாதிப்பு அதில் பெரும்பாலும் தெரியாது. மூளையின் பகுதிகளை இணைப்பவை இந்த இழைகளே. இவை பாதிக்கப்பட்டால், முன்பு எளிதாகச் செய்த வேலைக்கும் மூளை கூடுதலாக உழைக்க வேண்டியுள்ளது. அதுவே சோர்வாக வெளிப்படுகிறது.

பழைய நினைவுகள் பெரும்பாலும் அழிவதில்லை. புதியவற்றைப் பதிவு செய்வதே கடினமாகிறது. சோர்வு கூடும்போது கவனம் சிதறுகிறது. கவனம் சிதறினால் படித்தது மனதில் பதிவதில்லை. எனவே, கூடுதல் நேரம் படித்து ஈடுகட்ட முயல்வது பலன் தராது.

படிப்படியாகத் திரும்புவது எப்படி?

லேசான தலைக்காயத்துக்கு முதல் 24 முதல் 48 மணி நேரம் ஓய்வும், திரை பார்ப்பதைக் குறைப்பதும் போதுமானது. அதன்பின் வாரக்கணக்கில் படுத்தே இருப்பது குணமடைவதைத் தாமதப்படுத்தும்.

தலைவலி, சோர்வு போன்ற தொல்லைகளுக்கு நோயாளியே 0 முதல் 10 வரை மதிப்பெண் இட வேண்டும். ஒரு வேலையால் அது 2 புள்ளிகளுக்கு மேல் உயராமலும், ஒரு மணி நேரத்துக்குள் தணிந்தும் இருந்தால் அந்த அளவைத் தொடரலாம். அதை மீறினால் ஒரு படி பின்வாங்க வேண்டும்.

உதாரணமாக, கல்லூரி மாணவர் ஒருவரின் தலைவலி 2 புள்ளியில் உள்ளது. அவர் 20 நிமிடம் படித்ததும் அது 3 ஆகி, அரை மணி நேரத்தில் தணிகிறது. மறுநாள் அவர் 30 நிமிடம் படிக்கலாம். சில நாட்களில் முழுநாள் வகுப்புக்குச் சென்றபோது அது 6 ஆகி இரவுவரை நீடித்தால், அது அவசரப்பட்டதன் அடையாளம். அவர் காலையில் இரண்டு வகுப்புகள், இடையே ஓய்வு என்று குறைத்துக்கொள்ள வேண்டும். தேர்வு எழுதுவது கடைசிப் படியாகவே இருக்க வேண்டும்.

நினைவாற்றலை மட்டும் நம்பாமல், ஒரே குறிப்பேட்டையும் கைபேசி அலாரத்தையும் பயன்படுத்துவது நல்லது. பணிக்குத் திரும்புவோருக்கும் இதே முறை பொருந்தும். கடுமையான காயத்தில் மீட்சிக்கு மாதங்கள் அல்லது ஆண்டுகள் ஆகலாம். அவர்களுக்கு மறுவாழ்வுச் சிகிச்சையும் நினைவாற்றல் பரிசோதனையும் தேவை.

எப்போது உடனே மருத்துவமனை செல்ல வேண்டும்?

தலைவலி தொடர்ந்து அதிகரித்தல், மீண்டும் மீண்டும் வாந்தி, வலிப்பு, எழுப்ப முடியாத தூக்கம், ஒரு பக்கக் கை கால் பலவீனம் ஆகியவை அபாய அறிகுறிகள். முதியவர்களுக்கு மூளையைச் சுற்றி மெதுவாகத் தேங்கும் ரத்தத்தால், அடிபட்டுச் சில வாரங்கள் கழித்தும் இவை தோன்றலாம்.