ஆணியில் ஆடும் மீட்டர் கோல்

ஒரு மீட்டர் நூலில் கட்டிய குண்டு ஒருமுறை போய்த் திரும்ப ஏறத்தாழ 2 விநாடி ஆகும். அதே நீளமுள்ள மரக் கோலின் நுனியில் துளையிட்டு, ஆணியில் மாட்டி ஆட்டினால் 1.64 விநாடியிலேயே திரும்பிவிடுகிறது. நூலில் நிறை முழுவதும் அடியில் தொங்குகிறது. கோலிலோ அது மேலிருந்து கீழ்வரை பரவிக் கிடக்கிறது. அந்தப் பரவலைக் கணக்கில் கொண்டுவரும் அளவுதான் நிலைமத் திருப்புத்திறன், I.

கோல் சற்றே சாயும்போது அதன் எடை அதை நடுநிலைக்கு இழுக்கிறது. ஆணிக்கும் நிறை மையத்துக்கும் இடையிலான தூரம் h என்றால், சிறு கோணங்களுக்கு அலைவு நேரம் இது:

T = 2π√(I/Mgh)

மாணவர்கள் தடுக்கி விழும் இடம் I-தான். நிறை மையத்தைப் பொறுத்து அது ML²/12. ஆனால் கோல் சுழல்வது ஆணியைச் சுற்றி. எனவே இணை அச்சுத் தேற்றப்படி Mh²-ஐயும் கூட்ட வேண்டும். நுனியில் மாட்டினால் h = L/2, ஆகவே I = ML²/3. கூட்ட மறந்தவருக்கு விடை 0.82 விநாடி என்று சரிபாதியாக வரும். கையில் நிறுத்துகடிகாரம் இருந்தால் பிழை உடனே பிடிபடும்.

இனி ஆணியை நுனியிலிருந்து நடுவை நோக்கி நகர்த்திப் பார்க்கலாம். முதலில் அலைவு வேகமாகிறது, நடுவிலிருந்து 28.9 செ.மீ. தூரத்தில் அலைவு நேரம் மிகக் குறைந்து 1.53 விநாடி ஆகிறது. அதைத் தாண்டினால் மீண்டும் கூடத் தொடங்குகிறது. நடுவிலேயே மாட்டினால் கோல் ஆடவே ஆடாது.

இதில் சுவையான ஒரு விளைவு உண்டு. நுனித் துளைக்கு 66.7 செ.மீ. கீழே துளையிட்டு, கோலைத் தலைகீழாக மாட்டினாலும் அதே 1.64 விநாடிதான். இரு துளைகளுக்கும் இடையிலான தூரமே, அதே நேரத்தில் ஆடும் தனி ஊசலின் நீளம். எனவே I தெரியாமலேயே g-ஐக் கண்டுபிடித்துவிடலாம். ஹென்றி கேட்டர் 1817-இல் லண்டனில் செய்த ஊசல் இந்த உத்தியில் இயங்கியதுதான்.

முறுக்கு ஊசலில் g-க்கு வேலையே இல்லை. கம்பியில் கிடைமட்டமாகத் தொங்கும் வட்டத் தட்டைத் திருக்கி விட்டால், அதைத் திருப்பிக் கொண்டுவருவது கம்பியின் மீட்சித்தன்மை:

T = 2π√(I/C), C = πnr⁴/2l

n என்பது கம்பியின் விறைப்புக் குணகம். r அதன் ஆரம், l அதன் நீளம். ஒரு கிலோ நிறையும் 10 செ.மீ. ஆரமும் உள்ள தட்டுக்கு I = MR²/2 = 0.005 கி.கி.மீ². அரை மி.மீ. விட்டமும் ஒரு மீட்டர் நீளமும் கொண்ட எஃகுக் கம்பியில் அது சாவதானமாக 20 விநாடி எடுத்துக்கொள்ளும். நிலவிலும் அதே 20 விநாடிதான். கம்பி மீட்சி எல்லையைத் தாண்டாதவரை கோணம் பெரிதானாலும் பாதகமில்லை. ஆனால் தட்டு பக்கவாட்டில் ஊசலாடினால் அந்த அளவீட்டைத் தள்ளிவிட வேண்டியதுதான்.

n-ஐக் கணக்கிடும்போது r⁴ படுத்தும் பாடு பெரிது. திருகு அளவியில் விட்டம் 0.01 மி.மீ. பிசகினால் அரை மி.மீ. கம்பியில் அது 2 சதவீதம். விடையில் 8 சதவீதம். அதனால்தான் கம்பியின் விட்டத்தைப் பல இடங்களில், ஒவ்வோரிடத்திலும் குறுக்கும் நெடுக்குமாக அளந்து சராசரி எடுக்கிறார்கள்.